நிழல் தரையில், ஒளிர்வு லென்ஸில், கிரெய்ன் ஃபிலிமில்

கணினியில் உருவாக்கிய ஒரு பொருளைக் கேமராவில் எடுத்த காட்சிக்குள் கொண்டுபோய் வைத்தால், பார்ப்பவர் கண் நொடியில் சொல்லிவிடும்: ஒட்டவைத்திருக்கிறார்கள். எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. செய்தவரும் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் தேடுவார். மாடல் சரியில்லையோ, உலோகத்தின் பளபளப்பு போதவில்லையோ என்று அதையே நாள்கணக்கில் நோண்டுவார். குற்றம் பெரும்பாலும் பொருளிடம் இருக்காது. பொருளும் பின்னணியும் சேரும் இடத்தில் இருக்கும்: தரையில் விழும் நிழலில், வெளிச்சத்தைச் சுற்றிக் கசியும் ஒளிர்வில், படம் முழுக்கப் படர்ந்திருக்கும் பொடிப்பொடியான கிரெய்னில்.

இந்த மூன்றையும் சேர்க்கும் வேலைக்குக் கம்பாசிட்டிங் என்று பெயர். ஸ்டுடியோக்களில் ‘காம்ப்’ என்று சுருக்கிவிடுவார்கள். இதற்கு லட்சக்கணக்கில் பணம் கட்டி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் 2010-களின் தொடக்கத்தில் உருவான நேட்ரான் இலவசமாகவே கிடைக்கிறது. மூல நிரலும் திறந்தே இருக்கிறது. பெரிய ஸ்டுடியோக்கள் பயன்படுத்தும் நியூக் மென்பொருளின் சாயல் அதில் பலமாக உண்டு. ஒன்றில் பழகியவருக்கு மற்றது அந்நியமாக இருக்காது. இன்ரியா விலகிய பிறகு தன்னார்வலர்கள்தான் அதைப் பராமரிக்கிறார்கள் என்பதால் புதிய வசதிகள் மெதுவாகத்தான் வருகின்றன. ஆனால் இங்கே நாம் பேசப்போகும் வேலைக்குத் தேவையான எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம். ஒரு கல் திண்ணை. வெயில் மறையப்போகும் நேரம். முக்காலியில் நிறுத்திய கேமராவில் நான்கு விநாடிக் காட்சி எடுத்தாயிற்று. விநாடிக்கு 24 என்றால் மொத்தம் 96 ஃப்ரேம். இதைத் தொழிலில் ‘பிளேட்’ என்பார்கள். இந்தத் திண்ணையில் பிளெண்டரில் செய்த ஒரு பித்தளைக் குத்துவிளக்கை வைக்க வேண்டும். ஒரே ஒரு திரி எரிகிறது.

பிளெண்டரும் இலவசம்தான். அதிலேயே கம்பாசிட்டிங் வசதியும் உண்டு. அப்படியிருக்க விளக்கை ஏன் துண்டு துண்டாக ரெண்டர் செய்ய வேண்டும்? சுடர் கொஞ்சம் சிவப்பாக இருக்கட்டும் என்று இயக்குநர் சொன்னால் 96 ஃப்ரேமையும் மறுபடி ரெண்டர் செய்ய ஓர் இரவு போய்விடும். சுடர் தனி லேயராக இருந்தால் அது ஒரு நிமிட வேலை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நிழல், பொருள், சுடர் ஆகிய மூன்றும் பின்னணியோடு சேரும் கணக்கு ஒன்றுக்கொன்று வேறு. நிழலைப் பெருக்க வேண்டும். பொருளை மேலே வைக்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். ஒரே படமாக வந்துவிட்டால் இந்த மூன்றையும் பிறகு பிரிக்க வழியில்லை.

ஆகவே பிளெண்டரிலிருந்து மூன்று லேயர்கள் வருகின்றன. முதலாவது விளக்கு. அதில் சுடர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் வெளிச்சம் பித்தளையில் விழுந்திருக்கும். சுடர் இருக்கும் தொகுப்பை `Indirect Only` என்று குறித்தால் இது கிடைக்கும். இரண்டாவது சுடர் மட்டும். இதில் விளக்கை `Holdout` என்று குறிக்க வேண்டும். அப்போது விளக்கின் விளிம்புக்குப் பின்னால் போகும் சுடர்ப்பகுதி சரியாக வெட்டுப்படும். மூன்றாவது நிழல். எல்லாம் EXR கோப்புகளாக வர வேண்டும். PNG ஏன் கூடாது என்பது ஒளிர்வைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

இனி வரிசை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. வெளிச்சம் நிஜத்தில் எந்த வழியாக வந்ததோ அந்த வழியே போனால் போதும். வெளிச்சம் முதலில் திண்ணையில் விழுகிறது. நிழல் உண்டாவது அங்கே. பிறகு லென்ஸுக்குள் நுழைகிறது. ஒளிர்வு உண்டாவது அங்கே. கடைசியாக ஃபிலிமிலோ சென்சாரிலோ போய்ப் படிகிறது. கிரெய்ன் உண்டாவது அங்கே. நோடுகளையும் அதே வரிசையில் கோத்தால் பாதிச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும்.

நிழலிலிருந்து தொடங்குவோம். பலர் செய்யும் குறுக்குவழி இது: விளக்கின் உருவத்தையே கறுப்பாக்கி, சாய்த்து, மங்கலாக்கித் தரையில் விரிப்பது. பத்திரிகை விளம்பர எழுத்துக்கு அது போதும். கல் தரைக்குப் போதாது. நிஜ நிழல் விளக்கின் அடிப்பாகத்தில் கூர்மையாகவும், தண்டின் உச்சியிலிருந்து விழும் பகுதியில் விளிம்பு கலைந்தும் இருக்கும். சூரியன் ஒரு புள்ளியல்ல, ஒரு வட்டு என்பதே காரணம். பொருளுக்கும் தரைக்கும் இடைவெளி கூடக் கூட நிழலின் விளிம்பு அகலும். எல்லா இடத்திலும் ஒரே அளவு மங்கலாக்கினால் விளக்கு தரையில் நிற்காமல் ஓர் அங்குலம் மேலே மிதப்பதுபோல் தெரியும். பாதத்தைச் சுற்றி மெல்லிய கருமைக் கோடு இல்லாவிட்டாலும் இதே கதிதான்.

பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் இதற்கு நல்ல வழி உண்டு. திண்ணை இருக்கும் இடத்தில் ஒரு தட்டையான பரப்பை வைத்து, அதன் பண்புகளில் `Shadow Catcher` என்பதை இயக்க வேண்டும். பரப்புக்குக் கல்லை ஒத்த மெட்டீரியல் கொடுத்துவிட வேண்டும். விளக்கு இல்லாவிட்டால் இந்தப் பரப்பு எவ்வளவு வெளிச்சமாக இருந்திருக்கும், விளக்கு வந்த பின் எவ்வளவாக இருக்கிறது என்று மென்பொருள் கணக்கிட்டு, இரண்டின் விகிதத்தைத் தனி லேயராகத் தருகிறது. நிழலே இல்லாத இடத்தில் மதிப்பு 1. வெளிச்சம் பாதியாகக் குறைந்த இடத்தில் 0.5. திரியின் வெளிச்சம் தரையில் பட்டுக் கூடுதல் பிரகாசமான இடத்தில் 1-க்கு மேல்கூடப் போகலாம். 2021 இறுதியில் வந்த 3.0 பதிப்பிலிருந்துதான் இப்படி வண்ண வெளிச்சத்தையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நேட்ரானில் `Merge` நோடைப் போட்டு, அதை `multiply` என்று மாற்றி, பிளேட்டை இந்த லேயரால் பெருக்கினால் நிழல் தரையில் இறங்கிவிடும்.

இறங்கிவிடும், ஆனால் நிறம் பொருந்தாது. பிளேட்டிலேயே ஒரு தூணின் நிழல் திண்ணையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேட்ரானின் வியூவரில் சுட்டியை நகர்த்தினால் அந்தப் புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் கீழே தெரியும். வெயில் பட்ட கல்லில் 0.40, 0.30, 0.24. தூண் நிழலில் 0.16, 0.15, 0.156. வகுத்துப் பாருங்கள். சிவப்பு 0.40 பங்காகக் குறைந்திருக்கிறது. பச்சை 0.50. நீலம் 0.65. மாலை வெயிலின் சிவப்பைத் தூண் மறைத்துவிட்டது. வானத்திலிருந்து வரும் நீல வெளிச்சத்தை முழுசாக மறைக்க அதனால் முடியவில்லை. நிழல் கறுப்பாக இருக்கும் என்பது பழக்கத்தில் வந்த நினைப்பு. வெட்டவெளி நிழல் எப்போதும் கொஞ்சம் நீலம்தான்.

நாம் ரெண்டர் செய்த நிழல் மூன்று வண்ணத்திலும் 0.50 என்று சாம்பலாக வந்திருந்தால் அதைத் திருத்த வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். `Grade` நோடில் பெருக்கும் எண்ணைக் குறைத்தால் நிழலோடு சேர்ந்து திண்ணை முழுவதுமே இருண்டுவிடும், ஏனென்றால் 1 என்றிருந்த இடமும் குறைகிறது. காமாவை மாற்றினால் அப்படி ஆகாது. 1-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் 1-தான். சிவப்பின் காமாவை 0.76 என்றும் நீலத்தின் காமாவை 1.61 என்றும் வைத்தால் 0.50 என்பது முறையே 0.40, 0.65 ஆகிவிடும். பச்சையைத் தொட வேண்டாம். வெயில் பட்ட கல் அசையாமல் அப்படியே இருக்கும். கண்ணால் உத்தேசமாகத் திருப்பிக்கொண்டிருப்பதைவிட இந்தச் சிறு வகுத்தல் வேகமானது. திரையின் வெளிச்ச அமைப்பு எப்படி இருந்தாலும் இது ஏமாற்றாது.

அடுத்து விளக்கு. இங்கே வேலை குறைவு, ஆனால் ஒரு பொறி உண்டு. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நான்காவதாக ஓர் எண்ணையும் சுமக்கிறது. அதுதான் ஆல்ஃபா: அந்தப் புள்ளியை விளக்கு எவ்வளவு மூடியிருக்கிறது என்பது. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் எட் கேட்முல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். 1984-ல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதன் கணிதத்தை ஒழுங்குபடுத்தியது. உலகின் எல்லா கம்பாசிட்டிங் மென்பொருளிலும் இன்று இருக்கும் `over` அவர்கள் வகுத்ததுதான்:

```
A + B × (1 − a)
```

மேலே வைக்கும் படம் A, கீழே இருப்பது B, ஆல்ஃபா a. விளக்கின் விளிம்பில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். பித்தளையின் மதிப்பு 0.6. புள்ளியின் பாதியைத்தான் விளக்கு மூடியிருக்கிறது, ஆகவே ஆல்ஃபா 0.5. EXR கோப்பில் பிளெண்டர் இதை ஏற்கெனவே பெருக்கி 0.3 என்றே எழுதியிருக்கும். கீழே கல் 0.2 என்றால் விடை 0.3 + 0.1, அதாவது 0.4. பித்தளைக்கும் கல்லுக்கும் சரியாக நடுவில். இப்போது யாரோ முன்யோசனையில்லாமல் நடுவில் ஒரு `Premult` நோடைச் செருகிவிட்டால் 0.3 மறுபடி பாதியாகி 0.15 ஆகும். விடை 0.25. விளக்கைச் சுற்றி மை தீட்டியதுபோல ஒரு கருங்கோடு ஓடும். விளிம்பில் கருங்கோடு தெரிந்தால் இருமுறை பெருக்கியிருக்கிறது. வெள்ளைக் கோடு மின்னினால் பெருக்கவே இல்லை. பொதுவாக இந்த இரண்டில் ஒன்றுதான், வேறு எங்கும் தேட வேண்டாம். விளக்கு லேயரில் நிறத்தை மாற்றும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும். `Grade` நோடின் அடியில் `(Un)premult` என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்துவிட்டால் பெருக்கலைப் பிரித்து, திருத்தி, மறுபடி பெருக்கிக் கொடுத்துவிடும்.

சுடரைச் சேர்க்க `over` வேண்டாம். சுடர் எதையும் மறைப்பதில்லை, வெளிச்சத்தைக் கூட்டுகிறது. ஆகவே `plus`. இதுவரை தரையிலும் அதன் மேலும் நடந்ததெல்லாம் முடிந்தது. வெளிச்சம் லென்ஸுக்குள் நுழைகிறது.

எந்த லென்ஸும் கச்சிதமானதல்ல. கண்ணாடிப் பரப்புகளில் கொஞ்சம் வெளிச்சம் சிதறும், துளையின் விளிம்பில் கொஞ்சம் வளையும். சாதாரணப் பொருள்களில் இது தெரியாது. சுடர் மாதிரிப் பல மடங்கு பிரகாசமான ஒன்றிலிருந்து சிதறும் சிறு பங்கே சுற்றிலும் ஒளிவட்டமாகத் தெரிந்துவிடுகிறது. அந்தப் ‘பல மடங்கு’ என்பதில்தான் EXR வருகிறது. இந்தக் கோப்பு வடிவத்தை ஜார்ஜ் லூகாஸின் ஐ.எல்.எம். நிறுவனம் உருவாக்கி 2003-ல் இலவசமாக வெளியிட்டது. வெண்மை 1 என்றால் அதற்கு மேல் எதையும் எழுத PNG-யால் முடியாது. EXR-க்கு அந்தத் தடை இல்லை. வெயில் பட்ட கல் 0.4 என்றால் சுடர் 40 என்று அதில் இருக்க முடியும். இரண்டையும் திரையில் பார்த்தால் ஒரே வெள்ளைதான். மங்கலாக்கும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும்.

சுடரிலிருந்து சற்றுத் தள்ளி ஓரிடத்துக்கு, நூறில் ஒரு பங்கு வெளிச்சம் சிதறி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 40-ல் நூறில் ஒன்று 0.4. திரையில் 255-க்கு 170 என்று நல்ல பிரகாசமாகத் தெரியும். PNG-யில் சுடர் 1 என்று வெட்டுப்பட்டிருந்தால் அதே இடத்துக்கு வருவது 0.01. திரையில் 25. கிட்டத்தட்ட இருட்டு. ‘எவ்வளவு க்ளோ போட்டாலும் எடுபடவில்லை’ என்று புலம்புவோரில் பலருக்கு நேர்ந்திருப்பது இதுதான். அதைச் சரிக்கட்ட அவர்கள் ஒளிர்வைப் பல மடங்கு பெருக்குவார்கள். அப்போது சுடரைச் சுற்றி ஒரு தட்டையான மஞ்சள் வட்டம் வரும், தெருவிளக்குக்குப் பனிமூட்டம் போட்டதுபோல.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். வெளிச்சத்தைக் கூட்டிக் கழிக்கும் கணக்கு, திரைக்காக வளைக்கப்பட்ட எண்களில் சரியாக வராது. நேர்கோட்டு எண்களில்தான் வரும். நேட்ரான் உள்ளே எப்போதும் நேர்கோட்டில்தான் வேலை செய்கிறது. ஆனால் கேமராக் காட்சியைப் படிக்கும் `Read` நோடில் அதன் வண்ணவெளி சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வெள்ளையையும் கறுப்பையும் பாதிப் பாதி கலந்தால் திரையில் 188 வர வேண்டும். 128 வந்தால் எங்கோ வளைந்த எண்களில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒளிர்வுக்கு நேட்ரானில் `Bloom` என்ற நோடு இருக்கிறது. வீடியோ கேம்களுக்காக ஜப்பானியரான மசாகி கவாசே 2004 வாக்கில் விளக்கிய முறை அது. ஒரே ஒரு முறை மங்கலாக்கினால் நிஜமான ஒளிவட்டம் வராது. நிஜத்தில் ஒளிவட்டம் சுடருக்கு அருகில் செங்குத்தாக ஏறி, தொலைவில் நெடுந்தூரம் மெல்லிசாக இழையும். ஆகவே வெவ்வேறு அகலத்தில் பல முறை மங்கலாக்கி அவற்றின் சராசரியை எடுக்கிறது இந்த நோடு. `Size` 8, `Ratio` 2, `Count` 5 என்று கொடுத்தால் 8, 16, 32, 64, 128 என்ற அகலங்களில் ஐந்து படங்கள் உண்டாகிக் கலக்கும். சிறியவை சுடரின் ஓரத்தில் வெப்பத்தைத் தருகின்றன. பெரியவை தண்டிலும் பின்சுவரிலும் லேசான மங்கலைப் படர்த்துகின்றன.

இதைச் சுடர் லேயரிலிருந்து மட்டும் எடுத்து, எல்லாம் சேர்ந்த படத்தின் மேல் `plus` கொண்டு கூட்ட வேண்டும். `over` போட்டுவிட்டால் மங்கலாகிப் பரந்த ஆல்ஃபா பின்னணியைத் தின்றுவிடும். சுடரைச் சுற்றிப் புகை படிந்தாற்போல ஓர் அழுக்கு வளையம் வரும். எவ்வளவு கூட்டுவது என்பது ரசனை. என்னைக் கேட்டால், ஒளிர்வு இருப்பது கண்ணில் பட்ட உடனே அது அதிகம். நோடை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அணைத்தால் எதையோ இழந்தாற்போலவும், போட்டால் என்ன சேர்ந்தது என்று சொல்ல முடியாமலும் இருக்கும் அளவே சரி.

ஒளிர்வு லென்ஸில் உண்டாகிறது என்பதை நினைவில் வைத்திருந்தால் இன்னொரு குழப்பமும் வராது. விளக்குக்கு முன்னால் ஒரு தூண் சுடரின் பாதியை மறைக்கிறது என்றால் ஒளிர்வு தூணின் மேல் படலாமா? படும். பட வேண்டும். சுடரின் மறைந்த பாதி லென்ஸை எட்டவே இல்லை, ஆகவே அதை முன்பே வெட்டிவிட வேண்டும். தெரியும் பாதியிலிருந்து சிதறும் வெளிச்சத்துக்கு முன்னே தூண் பின்னே சுவர் என்ற பேதம் கிடையாது. ஒளிர்வைத் தூணின் ஓரத்தில் கத்தரித்தாற்போல நிறுத்தியிருந்தால் பார்ப்பவர் கண் உடனே உறுத்தும்.

96 ஃப்ரேமையும் ஓட்டிப் பார்க்கும்போது ஒளிர்வு அங்கங்கே திடீரென்று மினுக்கினால் சுடர் ஆடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். ரெண்டரில் எங்காவது ஒரு தனிப் புள்ளி ஆயிரக்கணக்கான மதிப்போடு தெறித்திருக்கும். அதை மின்மினி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றைப் புள்ளியை `Bloom` ஊதிப் பெரிய வட்டமாக்கிவிடும். `Bloom`-க்கு முன்னால் ஒரு `Clamp` நோடு வைத்து, சுடரின் உச்சத்துக்குச் சற்று மேலே, 60 என்று வரம்பு கட்டினால் அடங்கிவிடும்.

இனி கிரெய்ன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபிலிம் காலத்தில் கம்பாசிட்டிங் ஆப்டிகல் பிரிண்டர் என்ற இயந்திரத்தில் நடந்தது. ஒவ்வொரு லேயரையும் ஃபிலிமிலிருந்து ஃபிலிமுக்கு மறுபடி படமெடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கிரெய்ன் கூடும். 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஐ.எல்.எம். தந்திரக் காட்சிகளை விஸ்டாவிஷன் என்ற பெரிய நெகட்டிவில் எடுத்ததற்கு இதுவே முக்கியக் காரணம். பெரிய நெகட்டிவில் தொடங்கினால் பல பிரதிகளுக்குப் பிறகும் கிரெய்ன் பக்கத்துக் காட்சிகளோடு ஒத்துப்போகும். அவர்கள் குறைக்கப் பாடுபட்டதை நாம் பாடுபட்டுச் சேர்க்கிறோம். இரு தரப்புக்கும் இலக்கு என்னவோ ஒன்றுதான்: ஒரே ஃப்ரேமுக்குள் இரண்டு விதக் கிரெய்ன் இருக்கக் கூடாது.

இன்றைய டிஜிட்டல் கேமராவில் வெள்ளித் துகள் இல்லை. சென்சாரின் இரைச்சல் இருக்கிறது. மாலை நேரக் காட்சியில் அது நன்றாகவே தெரியும். பிளெண்டரிலிருந்து வந்த விளக்கோ துடைத்துவைத்த மாதிரி இருக்கும். அதன் மேல் மட்டும் கிரெய்னைத் தூவினால் ஆகாதா என்றால், நிழல் இடிக்கிறது. நிழல் லேயரால் பிளேட்டைப் பெருக்கினோம் இல்லையா? கல்லோடு சேர்ந்து கல்லின் மேலிருந்த இரைச்சலும் 0.40 பங்காகச் சுருங்கிவிட்டது. நிஜத்தில் அப்படிச் சுருங்காது. வெளிச்சத் துகள்களால் வரும் இரைச்சல் வெளிச்சத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். வெளிச்சம் 0.40 ஆனால் இரைச்சல் சுமார் 0.63 ஆகும். ஆகவே நம் நிழல், பக்கத்தில் இருக்கும் நிஜத் தூண் நிழலைவிட வழுவழுப்பாகத் தெரியும். ஒரு ஃப்ரேமை நிறுத்திப் பார்த்தால் பிடிபடாது. ஓடும்போது அந்த இடம் மட்டும் செத்துக் கிடக்கும்.

அதனால் அனுபவசாலிகள் முதலிலேயே பிளேட்டின் இரைச்சலை நீக்கிவிட்டு, எல்லா வேலையும் முடிந்த பிறகு அதைத் திருப்பிப் போடுகிறார்கள். நேட்ரானில் இதற்கு `DenoiseSharpen` நோடு இருக்கிறது. மூலப் பிளேட்டிலிருந்து, நீக்கியதைக் கழித்தால், `Merge` நோடில் `minus`, மிஞ்சுவது கிரெய்ன் மட்டும். அதில் எதிர்ம எண்களும் இருக்கும், கவலை வேண்டாம். நிழல், விளக்கு, சுடர், ஒளிர்வு எல்லாவற்றையும் சுத்தமான பிளேட்டின் மேல் செய்து முடித்து, கடைசியில் இந்தக் கிரெய்னை `plus` கொண்டு சேர்க்க வேண்டும். நாம் தொடாத இடங்களில் பிளேட் அதன் சொந்தக் கிரெய்னோடு, அச்சுப் பிசகாமல் திரும்பி வந்துவிடும். தொட்ட இடங்களில் அதே கேமராவின் கிரெய்ன் படியும்.

ஆனால் கழித்து எடுத்த கிரெய்னை ஒருமுறை தனியாகப் பார்க்க வேண்டும். 20 மடங்கு பிரகாசமாக்கினால் தெளிவாகத் தெரியும். வெறும் பொடியாக இருந்தால் சரி. கல்லின் இணைப்புக் கோடுகள் அதில் கோட்டோவியம்போல் தெரிந்தால் இரைச்சலோடு படத்தையும் வழித்து எடுத்துவிட்டோம் என்று பொருள். அப்படியே சேர்த்தால் பித்தளைத் தண்டின் மேல் கல் கோடுகளின் ஆவி ஓடும். நீக்கும் அளவைக் குறைக்க வேண்டியதுதான். இன்னொன்று, வெயில் பட்ட கல்லில் இருந்த கிரெய்ன் விளக்கின் இருண்ட பக்கத்துக்கு அதிகம். கல் 0.40, பித்தளையின் நிழல்பக்கம் 0.10 என்றால் அதே வர்க்கமூலக் கணக்குப்படி அங்கே கிரெய்ன் பாதியாக இருந்தால் போதும். விளக்கின் ஆல்ஃபாவை மாஸ்க்காகக் கொடுத்து, அங்கே மட்டும் பாதியாக்கிவிடலாம்.

பின்னணியாக வீடியோவுக்குப் பதில் ஒரே ஒரு புகைப்படம்தான் கையில் இருக்கிறது என்றால் இந்த வழி செல்லாது. 96 ஃப்ரேமிலும் ஒரே கிரெய்ன் உறைந்து நிற்கும். அழுக்கான கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். அப்போது `SeGrain` நோடால் செயற்கைக் கிரெய்ன் போட வேண்டும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அதன் விதை எண் மாறுகிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். சில கோடாக் ஃபிலிம்களின் அளவுகள் அதில் ஆயத்தமாகவே இருக்கின்றன. அவை 2K அகலத்துக்கு வகுக்கப்பட்டவை. 4K-யில் வேலை செய்தால் கிரெய்னின் அளவை இரட்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் அரிசிமாவுபோல் பொடியாகிக் காணாமல் போகும். ஒப்பிடும்போது வியூவரை நீல வண்ணத்துக்கு மட்டும் மாற்றி, பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலான ஃபிலிமிலும் சென்சாரிலும் நீலத்தில்தான் கிரெய்ன் முரடாக இருக்கும். அதில் பொருந்திவிட்டால் மற்ற இரண்டில் தகராறு குறைவு.

கிரெய்னுக்கு யாரும் அதிகம் பேசாத இன்னொரு வேலையும் உண்டு. ஒளிர்வு சுவரில் மிக மெல்ல மங்கிக்கொண்டே போகிறது. 8 பிட் வீடியோவில் வண்ணத்துக்கு 256 படிகள்தான். இருண்ட பகுதியில் அந்தப் படிகள் மரத்தின் வளையங்கள்போலப் பட்டை பட்டையாகத் தெரியும். கிரெய்ன் போட்டால் படிகளின் விளிம்பு சிதறி, பட்டைகள் மறைந்துவிடும். ஒளிர்வில் பட்டை விழுகிறது என்று `Bloom`-ஐத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் திருத்த வேண்டியது அதையல்ல.

இதற்கெல்லாம் எமன் இணையத்துக்காகச் செய்யும் வீடியோச் சுருக்கம். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும் பொடியைச் சுருக்கியின் கணக்கு வீண்செலவு என்று நினைத்து வழித்துவிடும். பட்டைகள் திரும்பி வரும். பிட்ரேட்டைக் கூட்டுவது ஒரு வழி. 2018-ல் வந்த AV1 முறையில் வேறொரு உபாயம் இருக்கிறது: கிரெய்னை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் சுருக்கி அனுப்பி, கிரெய்ன் எப்படிப்பட்டது என்ற விவரத்தைத் தனியாகச் சேர்த்துவிடுவார்கள். பார்ப்பவரின் கருவி அதைப் புதிதாக உண்டாக்கிப் படத்தின் மேல் போட்டுக்கொள்ளும். எந்த வழியில் போனாலும், கிரெய்ன் சேர்ப்பதற்கு முந்தைய நிலையை EXR வரிசையாக ஒரு பிரதி எழுதி வைப்பது ஸ்டுடியோ வழக்கம். நாளைக்கு இதே காட்சியை 4K-யில் கேட்டாலோ, செல்பேசிக்கு நெட்டுக்குத்தாக வெட்டித் தரச் சொன்னாலோ, கிரெய்னோடு சேர்த்துப் பெரிதாக்கினால் பொடி கூழாங்கல்லாகிவிடும். சுத்தமான பிரதியைப் பெரிதாக்கிவிட்டு, அந்த அளவுக்கேற்ற கிரெய்னைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.